வாசிக்க ஒரு வெள்ளை, வண்ணம் திருத்த ஒரு வெள்ளை: மானிட்டரின் நிற வெப்பநிலை குறித்துக் கேட்கப்படும் கேள்விகள்

இராமேசுவரம் தீவிலிருந்து தொண்டி வரையிலும், கீழக்கரைப் பக்கத்திலும் ஸ்டுடியோ, ஆல்பம் வடிவமைப்பு, டி.டி.பி. வேலை செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே மானிட்டரை வைத்துக்கொண்டுதான் பகலில் படம் திருத்துகிறார்கள், இரவில் கணக்கும் கட்டுரையும் வாசிக்கிறார்கள். கேள்விகள் எல்லாம் அந்த ஒற்றை மானிட்டரைச் சுற்றியே வருகின்றன.

"6500 கெல்வின் வைக்கச் சொல்கிறார்கள், 5000 வைக்கச் சொல்கிறார்கள், கண்ணுக்கு 4000 நல்லது என்கிறார்கள். எதை வைப்பது?"

மூன்றும் சரிதான். ஆனால் மூன்றும் வெவ்வேறு வேலைக்கானவை.

மானிட்டரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முழு அளவில் எரியும்போது கிடைக்கும் வெள்ளைக்கு வெண்புள்ளி என்று பெயர். அந்த வெள்ளை மஞ்சள் பக்கம் சாய்ந்திருக்கிறதா, நீலப் பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதைக் கெல்வின் எண் சொல்கிறது. எண் குறையக் குறைய மஞ்சள், கூடக் கூட நீலம்.

இணையத்தில் போகும் படங்கள், கைபேசியில் பார்க்கும் படங்கள், எச்.டி. வீடியோ ஆகிய அனைத்தும் D65 என்ற வெள்ளையை அடிப்படையாகக் கொண்டவை. அது ஏறத்தாழ 6500 கெல்வின். sRGB தரம் அதைத்தான் சொல்கிறது. எனவே படம் திருத்தும் நேரத்தில் மானிட்டர் D65-இல் இருக்க வேண்டும். இதில் விருப்பத்துக்கு இடமில்லை. அச்சுத் துறை தாள்களைப் பார்வையிட D50 என்ற வேறொரு வெள்ளையை வைத்திருக்கிறது, அது ஏறத்தாழ 5000 கெல்வின். அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

வாசிப்புக்குத் தரம் என்று எதுவும் கிடையாது. அறையில் இருக்கும் ஒரு வெள்ளைத் தாள் எந்த வெள்ளையில் தெரிகிறதோ, திரையும் ஏறத்தாழ அந்த வெள்ளையில் தெரிந்தால் கண் உறுத்தாது. ஆகவே அந்த எண்ணை முடிவு செய்வது உங்கள் அறையின் விளக்கு.

ஒரே அமைப்பில் இரண்டு வேலையையும் முடிக்க முயன்று 5500 போன்ற நடுவான எண்ணில் வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. திருத்தும் படம் கெடுகிறது, இரவு வாசிப்பும் முழுச் சுகமாக இல்லை. மானிட்டரில் இரண்டு அமைப்புகளைச் சேமித்து வைத்துக்கொண்டு வேலைக்கு ஏற்ப மாற்றுங்கள்.

"தங்கச்சிமடத்துக் கல்யாண ஆல்பம் லேப்பிலிருந்து வந்திருக்கிறது. மணப்பெண்ணின் வெள்ளைச் சேலை முழுக்க நீலம் பாய்ந்திருக்கிறது. என் திரையில் சுத்தமான வெள்ளையாகத்தான் இருந்தது. லேப்பில் கோளாறா?"

லேப்பைக் கேட்பதற்கு முன்னால் உங்கள் கோப்பைக் கேளுங்கள். கோப்பு பொய் சொல்லாது.

படத்தைத் திருத்தும் மென்பொருளில் திறந்து, வண்ணம் எடுக்கும் சொட்டுக் கருவியைச் சேலையின் ஒரு மடிப்பின் மேல் வையுங்கள். முழுக்க வெளுத்துப்போன இடம் வேண்டாம். ஜரிகைக்கு அருகிலும் வேண்டாம், ஜரிகையின் மஞ்சள் துணியில் பிரதிபலிக்கும். நடுத்தர வெளிச்சம் விழும் மடிப்பே சரியான இடம். அங்கே சிவப்பு, பச்சை, நீலத்துக்கான மூன்று எண்கள் தெரியும். உதாரணமாக 216, 224, 240 என்று வந்தால் நீலம் சிவப்பைவிட 24 கூடுதல். திரை என்ன நிறத்தில் காட்டினாலும் இந்த எண்கள் மாறாது. அப்படியென்றால் நீலம் கோப்பிலேயே இருக்கிறது. லேப் கொடுத்ததை அச்சடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

கோப்பில் நீலம் எப்படி வந்தது? இரவில் `Night light` போட்டபடி திருத்தியிருந்தால், அல்லது மானிட்டர் `Warm` அமைப்பில் இருந்திருந்தால், திரை எல்லாப் படத்தையும் மஞ்சளாக்கிக் காட்டியிருக்கும். சேலை மஞ்சளடித்துத் தெரிந்ததும், வெள்ளையாகும் வரை ஸ்லைடரை நீலப் பக்கம் நகர்த்தியிருப்பீர்கள். உங்கள் திரையின் மஞ்சளும் நீங்கள் சேர்த்த நீலமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வெள்ளையாகத் தெரிந்திருக்கும். தாளுக்குப் போனபோது மஞ்சள் உங்கள் திரையிலேயே நின்றுவிட்டது, நீலம் மட்டும் பயணம் செய்தது.

இதை வைத்தே நோயைக் கண்டுபிடிக்கலாம். வெளியே போன படங்கள் தொடர்ந்து நீலமாக வந்தால் உங்கள் திரை மஞ்சளாக இருக்கிறது. தொடர்ந்து மஞ்சளாக வந்தால் திரை நீலமாக இருக்கிறது. கடையில் பளிச்சென்று தெரிவதற்காக `Cool` அமைப்பில் வைத்திருந்ததை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களுக்கு இரண்டாவது வகைதான் நேரும்.

சரிசெய்ய, முதலில் `Night light`, கண் பாதுகாப்பு அமைப்பு, தானாக வெளிச்சம் மாற்றும் வசதி எல்லாவற்றையும் அணையுங்கள். மானிட்டரை sRGB அல்லது 6500K அமைப்புக்குக் கொண்டுவந்து ஐந்து நிமிடம் வேறு வேலை பாருங்கள். மஞ்சள் திரைக்குப் பழகிய கண்ணுக்குச் சரியான வெள்ளை முதலில் நீலமாகத்தான் தெரியும், அந்த நேரத்தில் எதையும் தொடக் கூடாது. பிறகு வெண்சமநிலைச் சொட்டுக் கருவியால் அதே மடிப்பைத் தொடுங்கள். எண்கள் 226, 225, 223 என்பதுபோல ஒன்றுக்கொன்று நெருங்கிவிடும். அதே விளக்கில் எடுத்த மற்றப் படங்களுக்கும் அந்தத் திருத்தத்தைப் படியெடுத்து ஒட்டலாம். கோவிலுக்குள் எடுத்தவை, மண்டபத்தில் எடுத்தவை, கடற்கரையில் எடுத்தவை என்று தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மாப்பிள்ளை வீட்டாரின் வேட்டி சட்டையில் இந்தச் சோதனையைச் செய்தால் ஏமாந்துபோவீர்கள். சொட்டு நீலம் போட்டு வெளுத்த துணி உண்மையிலேயே நீலம் கலந்த வெள்ளைதான். அதை நடுநிலையாக்கினால் முகங்கள் மஞ்சளாகிவிடும். துணியின் நீலத்தைத் துணியிலேயே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று: `Night light` போட்டிருக்கும்போது திரைப்பதிவு எடுத்து நண்பருக்கு அனுப்பி "நிறம் சரியா?" என்று கேட்பதில் பயனில்லை. பொதுவாகத் திரைப்பதிவில் அந்த மஞ்சள் பதிவாகாது.

"நீல ஒளிதான் கண்ணைக் கெடுக்கிறது என்று திரையை முழு மஞ்சளாக்கிவிட்டேன். ஆனாலும் இரவு ஒன்பது மணிக்குக் கண் எரிகிறது."

எரிச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் நீலம் அல்ல. நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடிகள் பற்றிய 17 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2023-இல் வந்தது. சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் அவை குறுகிய காலத்தில் கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைந்து கண் உலர்வதும், அறையின் வெளிச்சத்துக்குச் சற்றும் பொருந்தாத திரை வெளிச்சமும்தான் வழக்கமான காரணங்கள். முதலாவதற்கு மானிட்டரில் பொத்தான் இல்லை. மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் அடிக்காமல் திருப்பி வைத்தாலே ஓரளவு குறையும். இரண்டாவதைக் கணக்குப் போட்டே சரிசெய்யலாம்.

வெள்ளைத் தாள் ஒன்று எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு:

```
நிட் = லக்ஸ் × 0.85 ÷ 3.14
```

லக்ஸ் என்பது மேசையில் விழும் வெளிச்சம், நிட் என்பது கண்ணுக்கு வரும் வெளிச்சம். 0.85 என்பது நல்ல வெள்ளைத் தாள் திருப்பி அனுப்பும் பங்கு. கைபேசியில் லக்ஸ் காட்டும் செயலிகள் இருக்கின்றன. துல்லியம் குறைவுதான், இந்த வேலைக்குப் போதும். மேசையில் 300 லக்ஸ் இருந்தால் தாள் ஏறத்தாழ 81 நிட். sRGB தரம் திரைக்குச் சொல்லும் அளவும் 80 நிட். ஒற்றை டியூப் லைட் எரியும் அறையில் மேசைக்கு 150 லக்ஸ் வருகிறது என்று வைத்தால் தாள் 40 நிட்தான். அதே மேசையில் உங்கள் மானிட்டர் பெட்டியிலிருந்து எடுத்தபடி 250 நிட்டில் எரிந்தால், தாளைவிட ஆறு மடங்கு வெளிச்சமான ஒரு பரப்பைக் கண் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதை மஞ்சளாக்கினாலும் ஆறு மடங்கு ஏறத்தாழ ஆறு மடங்காகவே இருக்கும்.

ஆகவே நிற வெப்பநிலையைத் தொடுவதற்கு முன் வெளிச்சத்தைக் குறையுங்கள். பல மானிட்டர்கள் எவ்வளவு குறைத்தாலும் 40, 50 நிட்டுக்குக் கீழே இறங்காது. அங்கே திரையோடு போராட வேண்டாம், அறை வெளிச்சத்தைக் கூட்டுங்கள். மானிட்டருக்குப் பின்னால் இருக்கும் சுவரில் விழுமாறு ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கு வைத்தால், கண்ணுக்கு எதிரே இருள் நடுவே ஒரு வெளிச்சப் பெட்டி என்ற நிலை போய்விடும்.

தூக்கத்துக்காக நீலத்தைக் குறைக்கிறீர்கள் என்றால் அது வேறு பேச்சு, அதற்கு ஓரளவு அடிப்படை உண்டு. அங்கும் மொத்த வெளிச்சத்தைக் குறைப்பதையும் சேர்த்துச் செய்தால்தான் பயன்.

"இரவு வாசிப்புக்கு எவ்வளவு இறக்கலாம்?"

அறையில் எரிவது எந்த விளக்கு என்று பாருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை டியூப் லைட்தான். பெட்டியில் `Cool Daylight` என்று அச்சிட்டிருக்கும். அதன் கீழே தாளும் ஏறத்தாழ 6500-இல் தெரியும். அந்த அறையில் திரையை 4000-க்கு இறக்கினால் திரை மட்டும் பழுப்பேறிய தாளாக நிற்கும். பலர் "மஞ்சள் திரை எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்வதன் காரணம் இதுதான். டியூப் லைட்டின் கீழ் வாசிப்பவர் 6500-ஐ விட்டு நகர வேண்டிய தேவையே இல்லை, அல்லது 6000 போதும்.

டியூப் லைட்டை அணைத்துவிட்டு 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் மேசை விளக்கில் வாசிக்கிறீர்கள் என்றால் 4000 முதல் 4500 வரை இறக்குங்கள். விளக்கைப் போலவே 2700 வரை போகத் தேவையில்லை. தானே ஒளிரும் பரப்புக்குக் கண் தாளுக்குப் பழகுவதுபோல முழுமையாகப் பழகாது. அந்த அளவில் நீலம் மிகவும் குறைந்து, நீல நிறத்தில் இருக்கும் இணைப்புகளும் குறிப்புகளும் கறுத்துப்போய் வாசிப்பே சிரமமாகும்.

கெல்வின் எண்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். 9300-லிருந்து 6500-க்கு இறங்குவதும் 6500-லிருந்து 5000-க்கு இறங்குவதும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரே அளவு மாற்றம்தான், எண்ணில் ஒன்று 2800, மற்றது 1500. கீழே போகப் போகச் சிறு மாற்றமும் பெரிதாகத் தெரியும். எனவே 5000-க்குக் கீழே 250, 250 ஆக இறக்குங்கள்.

க்னோம் மேசைத்தளம் உள்ள லினக்ஸில் `Night Light` அளவை நேரடியாக இப்படி வைக்கலாம்:

```
gsettings set org.gnome.settings-daemon.plugins.color night-light-temperature 4500
```

"அளக்கும் கருவி வாங்க வசதியில்லை. கண்ணால் பார்த்து 6500-க்குக் கொண்டுவர முடியுமா?"

நெருங்கலாம், தொட முடியாது. ஆனால் நெருங்குவதே பெரும்பாலான பிழைகளைத் தீர்த்துவிடும்.

மானிட்டரை அரை மணி நேரம் எரியவிட்டுத் தொடங்குங்கள். மெனுவில் sRGB என்ற அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் அந்த ஓர் அமைப்பைத்தான் ஓரளவு கவனமாகச் செய்திருப்பார்கள். சில மானிட்டர்களில் அது வெளிச்சத்தைப் பூட்டிவிடும். அதுவும் பிடிக்காவிட்டால் 6500K. அதுவும் இல்லையென்றால் `User` அமைப்பில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி எண் இருக்கும்.

`User` அமைப்பில் வேலை செய்ய, நல்ல 6500 கெல்வின் டியூப் லைட்டின் கீழே ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையில் வெற்று வெள்ளைப் பக்கம் திறந்திருக்கட்டும். முதலில் வெளிச்சத்தைத் தாளுக்குச் சமமாக்குங்கள். வெளிச்சம் சமமாகாமல் நிறத்தை ஒப்பிட்டால் மங்கலானது எப்போதும் அழுக்காகத் தெரியும். பிறகு நிறம். எந்த எண்ணையும் கூட்டாதீர்கள், குறைக்க மட்டும் செய்யுங்கள். மூன்றில் ஒன்றாவது முழு அளவில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் காரணமின்றி வெளிச்சத்தையும் கருப்பு வெள்ளை வேறுபாட்டையும் இழப்பீர்கள். திரை தாளைவிட நீலமாக இருந்தால் நீலத்தை இரண்டு இரண்டாகக் குறையுங்கள், பச்சையை அதில் பாதியளவு. மஞ்சளாக இருந்தால் சிவப்பைக் கூடுதலாகவும் பச்சையைக் கொஞ்சமாகவும் குறையுங்கள்.

இந்த இடத்தில் பச்சைச் சாயல் அல்லது ரோஸ் சாயல் தலைகாட்டும். கெல்வின் எண் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே உள்ள ஒரு கோட்டைத்தான் அளக்கிறது. பச்சையும் ரோஸும் அந்தக் கோட்டுக்குக் குறுக்கே விலகுபவை. 6500 என்று காட்டும் இரண்டு திரைகளில் ஒன்று பாசி படிந்ததுபோலவும் மற்றொன்று ரோஸாகவும் தெரிவது இதனால்தான். பச்சை தெரிந்தால் பச்சையைக் குறையுங்கள், ரோஸ் தெரிந்தால் சிவப்பையும் நீலத்தையும் சேர்த்துக் குறையுங்கள். முகத்தோல் மஞ்சள் நீலத்தைவிட இந்த விலகலில்தான் சீக்கிரம் கெடுகிறது. ஆகவே இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

ஒப்பிடும் தாளையும் கொஞ்சம் சந்தேகியுங்கள். நகல் எடுக்கும் தாள்களில் வெண்மையூட்டும் வேதிப்பொருள் கலந்திருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பித் தரும். ஜன்னல் வெளிச்சத்தில் ஒப்பிட்டால் திரையை அளவுக்கு மேல் நீலமாக்கிவிடுவீர்கள். அதனால்தான் டியூப் லைட்டின் கீழ் செய்யச் சொன்னேன்.

"என் மேசை கடலைப் பார்த்த ஜன்னல் பக்கம். காலையில் ஒரு நிறம், சாயங்காலம் ஒரு நிறமாகத் திரை தெரிகிறது. மணிக்கு மணி மாற்ற வேண்டுமா?"

வேண்டாம். மாறுவது திரை இல்லை, அறைதான். தெளிந்த நீலவானத்திலிருந்து வரும் வெளிச்சம் 10000 கெல்வினுக்கும் மேலே போகும். மறையும் சூரியனின் வெளிச்சம் 3000-க்கும் கீழே இறங்கும். கண் அறையைப் பின்தொடர்கிறது, அதனால் அசையாமல் இருக்கும் திரை காலையில் மஞ்சளாகவும் மாலையில் நீலமாகவும் தோன்றும்.

கடற்கரை வீட்டில் வெளிச்சத்தின் அளவும் சிக்கல். வெண்மணலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் நிழலிலும் மேசைக்கு 2000 லக்ஸ் கொண்டுவந்தால், மேலே சொன்ன கணக்கில் தாள் 540 நிட்டைத் தாண்டுகிறது. சாதாரண மானிட்டர் எதுவும் அந்த அளவுக்கு எரியாது. படம் திருத்தும் மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில், முடிந்தால் உள் அறைக்கு மாற்றுங்கள். வெள்ளை அல்லது சாம்பல் திரைச்சீலை போடுங்கள். நம் ஊர்ச் சுவர்களில் அடிக்கும் கடல் பச்சையும் ஆழ்ந்த நீலமும் அழகுதான், ஆனால் திரைக்கு நேர் எதிர்ச் சுவரும் பின்சுவரும் மட்டுமாவது வெள்ளையாக இருக்கட்டும். பச்சைச் சுவரில் பட்டு வரும் வெளிச்சத்தில் பழகிய கண், படத்தில் பச்சையைக் கூட்டச் சொல்லும்.

"கேமராவில் 5500 கெல்வின் வைத்து எடுத்தேன். மானிட்டரும் 5500-இல் இருந்தால்தானே பொருந்தும்?"

இரண்டுக்கும் தொடர்பில்லை. கேமராவில் வைக்கும் எண், படம் எடுத்த இடத்தின் விளக்கு எது என்று மென்பொருளுக்குச் சொல்லும் தகவல். அதைக் கொண்டு அது நிறத்தைத் திருத்தி, D65 திரையில் சரியாகத் தெரியும்படி கோப்பைத் தருகிறது. திருத்தும் மென்பொருளில் எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாவதும், மானிட்டரில் எண்ணைக் கூட்டினால் திரை நீலமாவதும் இதனால்தான்.

"ஆல்பம் அச்சுக்குப் போகிறது. அப்படியானால் திரையை 5000-க்கு மாற்ற வேண்டாமா?"

உங்களிடம் D50 விளக்கு இருந்தால் மட்டும். அச்சகங்களின் தரமான ISO 3664, அச்சுத் தாளை அந்த விளக்கின் கீழே, நுணுக்கமாக ஒப்பிடும்போது 2000 லக்ஸ் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்கிறது. திரையையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவருக்குத் திரையும் 5000 பக்கம் வந்தால்தான் ஒப்பீடு நடக்கும். ஆல்பம் வேலைக்கு நான் D65-ஐயே சொல்வேன். லேப் வேறு எதுவும் கேட்காதபோது கோப்பை sRGB-இல் அனுப்புங்கள். வந்த பிரதியை நண்பகலில் திண்ணை நிழலில், வெயிலும் வானமும் கலந்து வரும் வெளிச்சத்தில் பாருங்கள். வாடிக்கையாளரும் கடைசியில் அதைத் தன் வீட்டுக் கூடத்தில் டியூப் லைட்டிலும் பகல் வெளிச்சத்திலும்தான் விரிக்கப்போகிறார்.

"இரண்டு மானிட்டர்களையும் கருவி வைத்து 6500-க்குக் கொண்டுவந்துவிட்டேன். பக்கத்தில் வைத்தால் வெவ்வேறாகத் தெரிகின்றன. கருவி பழுதா?"

கருவியில் கெல்வினை மட்டும் பார்த்திருந்தால் முதலில் x, y எண்களைப் பாருங்கள். D65 என்பது x 0.3127, y 0.3290. இரண்டு திரைகளும் அங்கே வந்தும் வேறாகத் தெரிந்தால், பின்விளக்கின் வகை வேறாக இருக்கலாம். அகன்ற வண்ண வீச்சுள்ள மானிட்டரும் சாதாரண மானிட்டரும் வெவ்வேறு அலைநீளங்களைக் கலந்து அதே வெள்ளையை உண்டாக்குகின்றன. கருவி கணக்கிடும் சராசரிக் கண்ணுக்கு அவை ஒன்று, உங்கள் கண்ணுக்கு அப்படி இல்லாமல் போகலாம். படம் திருத்தும் மானிட்டரைக் கருவி சொன்னபடி விட்டுவிட்டு, மற்றதை மட்டும் கண்ணால் அதற்கு இணையாக்குங்கள்.

கருவியை வெளியே வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சாயமேற்றிய வடிகட்டி உள்ள பழைய வகைகள் ஈரத்தில் நாளடைவில் தவறான அளவு காட்டத் தொடங்கும். கடற்காற்றில் அது இன்னும் சீக்கிரம் நேரும். மூடி இறுக்கமான டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.